வேகமாகப் பேசும் படத்துக்கு ஆங்கில சப்டைட்டில்: நொடிக்கு எத்தனை எழுத்து?

கேள்வி: கானாடுகாத்தான் வீடொன்றில் எடுத்த எங்கள் 18 நிமிடக் குறும்படத்தை வெளிநாட்டுத் திரைப்பட விழாக்களுக்கு அனுப்ப இருக்கிறோம். ஆங்கில சப்டைட்டில் போட்டாயிற்று. ஆனால் படிப்பதற்குள் மறைந்துவிடுகிறது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு வரி எவ்வளவு நீளம் இருக்கலாம், எத்தனை நொடி நிற்க வேண்டும்?

பதில்:

நொடிக்கு 12 முதல் 15 எழுத்துகள் என்ற வேகத்தை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மற்ற அளவுகள் எல்லாம் அதை ஒட்டியே அமையும். எழுத்து என்று இங்கே சொல்வது ஆங்கில எழுத்துகளோடு இடைவெளியையும் நிறுத்தக்குறிகளையும் சேர்த்த எண்ணிக்கை. நெட்ஃபிளிக்ஸ் தன் ஆங்கில சப்டைட்டில் விதிகளில் பெரியவர்களுக்கான படங்களுக்கு நொடிக்கு 20 எழுத்து வரை அனுமதிக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுப் பலர் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டில் பார்ப்பவர் தவறவிட்டதைப் பின்னால் இழுத்துப் பார்க்கலாம். அரங்கில் உட்கார்ந்திருப்பவரால் அது முடியாது. அதோடு, விழாவுக்கு வருபவர்களில் பெரும்பகுதியினருக்கு ஆங்கிலம் தாய்மொழியாக இருக்காது. ஆகவே, இரண்டு முழு வரிகளுக்கு 6 நொடி என்ற பழைய கணக்கே உங்கள் படத்துக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. வரிக்கு 37 எழுத்து என்று கொண்டால் அது நொடிக்கு ஏறத்தாழ 12 எழுத்து ஆகும்.

வரியின் நீளத்தில் பெரிய சிக்கல் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு வரிகளுக்கு மேல் வேண்டாம். ஒரு வரி 42 எழுத்தைத் தாண்ட வேண்டாம். நான் 38 அளவிலேயே நிறுத்திக்கொள்வேன். மிகச் சிறிய சப்டைட்டிலும் முக்கால் நொடிக்குச் சற்று மேலாக, அதாவது 20 ஃபிரேமாவது நிற்க வேண்டும். மிகப் பெரியதும் 7 நொடிக்கு மேல் நிற்கக் கூடாது.

உண்மையான வேலை, பேச்சு இந்த வேகத்தை மிஞ்சும் இடத்தில்தான் தொடங்குகிறது. செட்டிநாட்டுப் பேச்சு மூச்சு விடாமல் ஓடும் என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் படத்தில் வரக்கூடிய ஒரு வசனத்தையே எடுத்துக்கொள்வோம். பட்டாலையில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆச்சி மகனிடம் சொல்கிறார்: “அந்த முகப்புத் தூணு ரெண்டையும் ஏற்கெனவே வெலை பேசிட்டாக, இன்னும் கதவு மட்டுந்தான் பாக்கி, அதையும் வித்துட்டா இந்த வீட்டுக்கு வாசல்னு ஒண்ணு ஏது?” இதை 6 நொடியில் சொல்லி முடித்துவிடுகிறார், அடுத்த கணமே காட்சி வெட்டி மகனின் முகத்துக்குப் போகிறது. ஒரு சொல்லையும் விடாமல் ஆங்கிலத்தில் எழுதினால் 146 எழுத்து அளவுக்கு வரும். நொடிக்கு 24 எழுத்து. பார்வையாளர் எழுத்தைத் துரத்திக்கொண்டிருப்பாரே தவிர, ஆச்சியின் முகத்தை அவர் பார்க்கவே போவதில்லை.

நேரத்தை நீட்ட இயலாத இடத்தில் எழுத்தைத்தான் குறைக்க வேண்டும். எதைக் குறைப்பது என்பதைக் காட்சியே சொல்லும். தூண்கள் இரண்டு என்பதும் அவை முகப்பில் இருப்பவை என்பதும் படத்தில் தெரிந்தால் அவற்றை எழுத வேண்டியதில்லை. ‘கதவு மட்டுந்தான் பாக்கி’ என்பது, ‘அதையும் வித்துட்டா’ என்பதிலேயே அடங்கிவிடுகிறது. எஞ்சுவது இவ்வளவுதான்:

```
41
00:04:12,500 --> 00:04:15,000
The pillars are spoken for.

42
00:04:15,083 --> 00:04:18,417
Sell the door too,
and what entrance is left?
```

முதலாவதில் 27 எழுத்துக்கு இரண்டரை நொடி கிடைப்பதால் வேகம் நொடிக்கு 11க்கும் குறைவு. இரண்டாவதில் 44 எழுத்துக்கு மூன்றே கால் நொடிக்குச் சற்று மேல். வேகம் 13ஐ ஒட்டி நிற்கிறது. 146 எழுத்து 71 ஆகிவிட்டது. கதைக்கு வேண்டிய எதுவும் போகவில்லை.

இந்த நேரக் குறிப்புகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதல் சப்டைட்டில் மறைந்து அடுத்தது தோன்றுவதற்குள் 83 மில்லி நொடி, அதாவது நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் 2 ஃபிரேம் இடைவெளி இருக்கிறது. இந்தச் சிறு இடைவெளி இல்லாவிட்டால் எழுத்து மாறியதே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். மகனின் முகத்துக்கு வெட்டும் இடம் 00:04:18,500. இரண்டாவது சப்டைட்டில் அதற்கு 2 ஃபிரேம் முன்பே முடிந்துவிடுகிறது. வெட்டைத் தாண்டி இரண்டு மூன்று ஃபிரேம் நின்றால், அவன் முகத்தின் மீது எழுத்து ஒருமுறை மின்னிவிட்டுப் போகும். பார்ப்பவரின் கண் முகத்தை விட்டு அங்கே ஓடும்.

இரண்டாகப் பிரித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலோர் காதால் கேட்பதைவிட விரைவாகக் கண்ணால் படித்துவிடுவார்கள். முழு வசனத்தையும் ஒரே சப்டைட்டிலாகப் போட்டிருந்தால், ஆச்சி தூணைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அரங்கம் கடைசிக் கேள்வியைப் படித்து முடித்திருக்கும். நடிகர் சேர்த்து வைத்துச் சொல்லும் அந்த ‘ஏது?’ பழைய செய்தியாகிவிடும். நகைச்சுவைக் காட்சியில் இது இன்னும் மோசம். வசனம் முடியும் முன்பே சிரிப்பு எழுந்து, அடுத்த வசனத்தையும் விழுங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு சப்டைட்டிலும் அதற்குரிய பேச்சு தொடங்கும் அதே ஃபிரேமில் தோன்ற வேண்டும். முடிவை மட்டும், அடுத்த வசனமோ வெட்டோ குறுக்கிடாத இடங்களில், பேச்சு நின்றபின் அரை நொடி வரை தாராளமாக நீட்டலாம்.

வரியை உடைக்கும்போது பொருள் உடையாத இடம் பார்த்து உடையுங்கள். மேலே உள்ளதில் காற்புள்ளிக்குப் பின் உடைத்திருக்கிறேன்; மேல்வரி சிறியதாக இருப்பதால் படமும் அதிகம் மறையவில்லை. உங்கள் ஊர் வீடுகளில் எடுத்த படம் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: பளபளக்கும் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் மீதும் வெயில் விழும் வளவின் மீதும் வெள்ளை எழுத்து கரைந்துபோகும். எழுத்துக்குக் கருப்பு விளிம்பு கொடுக்காவிட்டால், கணக்கில் சரியாக இருக்கும் வேகமும் கண்ணுக்குப் போதாது.

இவற்றையெல்லாம் கையால் எண்ண வேண்டியதில்லை. Subtitle Edit என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு சப்டைட்டிலுக்கும் நொடிக்கு எத்தனை எழுத்து என்று காட்டும். உச்ச வரம்பை 15 என்று அமைப்புகளில் மாற்றிவிட்டால், மீறுபவற்றை நிறத்தால் தனித்துக் காட்டிவிடும். அவற்றை மட்டும் மேலே சொன்னபடி சுருக்கிக்கொண்டே வாருங்கள். படத்தொகுப்பு முழுமையாக முடியும் முன் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஒரு ஷாட்டை வெட்டினால் அதற்குப் பின்னுள்ள எல்லாமே நகர்ந்துவிடும்.

கடைசியாக ஃபிரேம் வேகத்தைச் சரிபாருங்கள். நொடிக்கு 25 ஃபிரேமில் தொகுத்த 18 நிமிடப் படத்தை, அரங்கில் திரையிடுவதற்கான டிசிபி என்ற டிஜிட்டல் பிரதியைச் செய்பவர் அதே ஃபிரேம்களை 24 வேகத்தில் ஓடுமாறு மாற்றினால் படம் 45 நொடி நீண்டுவிடும். பழைய சப்டைட்டில் ஃபைலை அப்படியே சேர்த்தால் தொடக்கத்தில் பொருந்தி, போகப் போகப் பேச்சுக்கு முந்திக்கொண்டே போகும். அப்படி முந்தினால் அதே மென்பொருளில் உள்ள Change frame rate வசதியைப் பயன்படுத்துங்கள். தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே அளவில் தள்ளி நின்றால் கோளாறு வேறு. படத்தின் முன்னால் யாரோ விளம்பர அட்டையோ கருப்புத் திரையோ சேர்த்திருப்பார்கள், எல்லா நேரத்தையும் அந்த அளவுக்கு நகர்த்தினால் போதும். இரண்டில் எது என்று அறிய, முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும் ஓடவிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.