பின்னணி நீக்க எது நல்லது: இணையதளமா, போன் கேலரியா, கணினி மென்பொருளா?

“அழைப்பிதழில் அச்சடிக்க அம்மாவின் படத்தை மட்டும் வெட்டி எடுக்கணும். இலவச இணையதளம், போன் கேலரி, கணினி மென்பொருள், எது சரி?”

அச்சுக்கு என்றால் கணினிதான். remove.bg தளம் முடியை நன்றாகவே பிரிக்கும், ஆனால் இலவசமாகத் தருவது சுமார் 625×400 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் அகலம் 2 அங்குலம்தான் வரும். வாட்ஸ்அப்புக்கு அது போதும்.

ஐபோன் கேலரியில் படத்தை அழுத்திப் பிடித்தால் ஆள் தனியாக வந்துவிடும். வேகமான வழி, ஆனால் காதோரம் ஒரு முடிக்கற்றை வெட்டுப்பட்டால் அங்கேயே திருத்த வழியில்லை.

கணினியில் இலவச மென்பொருளான GIMP-இல் படத்தின் லேயருக்கு Add Layer Mask கொடுங்கள். மாஸ்க் மேல் கருப்புத் தூரிகை தேய்த்த இடம் மறையும், வெள்ளை தேய்த்தால் திரும்பி வரும். அழிப்பானைத் தொடாதீர்கள், அதில் போனதை இவ்வளவு எளிதாகத் திரும்பக் கொண்டுவர முடியாது. அப்புறம், அடியில் அடர்சிவப்பு லேயர் ஒன்றை வைத்துப் பாருங்கள். பழைய சுவரின் வெள்ளைக் கோடு தலைமுடியைச் சுற்றி ஒட்டியிருந்தால் உடனே தெரியும். அந்த ஓரத்தை மட்டும் மென்மையான சிறு கருப்புத் தூரிகையால் மாஸ்க் மேல் தேய்த்து மறையுங்கள். வேலைக்கோப்பை GIMP-இன் சொந்த வடிவமான XCF ஆக வைத்துக்கொண்டு, சிவப்பு லேயரை மறைத்துவிட்டு அச்சகத்துக்கு PNG கொடுங்கள். JPEG கொடுத்தால் வெட்டிய இடம் மறுபடி நிறத்தால் நிரம்பிவிடும்.