சராசரி 5-ஐத் தாண்டுவது ஏன்?

“தேவனாம்பட்டினம் மீனவர்களிடம் புயல் எச்சரிக்கை மீதுள்ள நம்பிக்கை பற்றி ஐந்து கேள்வி கேட்டேன். 3, 5 எதிர்மறையானவை. எக்செலில் 6-லிருந்து கழித்தேன். ஒருவருக்குச் சராசரி 5.2 வருகிறது, எப்படி?”

வணக்கம். கழித்த முறை சரிதான், 1 முதல் 5 வரையிலான அளவுகோலுக்கு 6-லிருந்துதான் கழிக்க வேண்டும். அவர் மூன்றாவது அல்லது ஐந்தாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டிருப்பார், பாருங்கள். காலிக் கட்டத்தை எக்செல் 0 என்று எடுத்துக்கொள்வதால் 6 கழித்தல் 0 என்று 6 வந்துவிடுகிறது.

5.2 கண்ணில் பட்டது நல்லதாயிற்று. கண்ணில் படாதவைதான் கவலை. 4, 4, 2, 5 என்று சொல்லிக் கடைசியை விட்டவருக்கு உங்கள் கணக்கில் 4.6 வரும், பார்த்தால் சந்தேகமே வராது. உண்மையில் மூன்றாவது விடை 4 ஆகத் திரும்பி, நான்கு பதில்களின் சராசரி 4.25தான்.

விடைகள் B முதல் F வரை இருந்தால், G2, H2, I2 கட்டங்களில் முறையே இப்படிப் போடுங்கள்:

```
=IF(D2="","",6-D2)
=IF(F2="","",6-F2)
=AVERAGE(B2,C2,G2,E2,H2)
```

வெற்று உரையாக வரும் கட்டத்தை AVERAGE சேர்க்காது. D, F-இல் இருக்கும் மூல விடைகளை மட்டும் அழித்து எழுதாதீர்கள். அப்புறம் யாராவது மறந்துபோய் மறுபடி திருப்பினால் பழைய எண்ணே வந்து நிற்கும், வெளியே தெரியாது. திருப்பிய பிறகு, முதல் கேள்வியும் மூன்றாவது கேள்வியும் ஒரே திசையில் போகின்றனவா என்று =CORREL(B:B,G:G) போட்டுப் பாருங்கள். தெளிவாக எதிர்மறையாக வந்தால், மூன்றாவது கேள்வி திரும்பவில்லை, அல்லது அதில் இருந்த ‘இல்லை’யை மீனவர்கள் கவனிக்காமல் பதில் சொல்லியிருக்கிறார்கள்.