மயக்க மருந்துக்கு முந்தைய செக்லிஸ்ட்: டிக் பெட்டி வேண்டாம், வெற்றிடம் விடுங்கள்

“டாக்டரின் துண்டுச்சீட்டுகளில் ‘பட்டினி ஓகே’, ‘பென்சிலின் அலர்ஜி’, ‘வாய் சரி’ என்றுதான் இருக்கிறது. இதை எப்படி செக்லிஸ்ட் ஆக்குவது?”

மூன்றிலும் முடிவு மட்டுமே இருக்கிறது, விவரம் இல்லை. அதனால் விவரத்தைக் கேளுங்கள்.

பட்டினிக்கு, “கடைசியாக வாயில் போட்டது என்ன, எத்தனை மணிக்கு?” என்று எழுதுங்கள். “சாப்பிட்டீர்களா?” என்றால் பால் டீ குடித்தவரும் இல்லை என்றுதான் சொல்வார். திட்டமிட்ட அறுவைக்கு, பெரியவர்களுக்குத் தண்ணீர் 2 மணி நேரம், பாலும் லேசான டிபனும் 6, பொரித்ததும் இறைச்சியும் 8. காலை 7 மணிக்குப் பால் டீ என்றால் 11 மணி கேஸ் 1 மணிக்குத் தள்ளிப்போகும். குடல் அடைப்பு, அவசர அறுவை என்றால் மணிக்கணக்கை நம்பக்கூடாது. அதற்குத் தனிக் கட்டம் போட்டு டாக்டரை அழைக்கச் சொல்லுங்கள்.

அலர்ஜிக்கு மருந்தின் பெயர், என்ன ஆனது, எப்போது என மூன்று வெற்றிடங்கள். வயிற்றுப்போக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் பக்கவிளைவுதான். உடனே தடிப்பும் மூச்சுத்திணறலும் வந்திருந்தால் சிவப்பு மையில் எழுதுங்கள்.

வாய்க்கு: நோயாளியின் விரல்களில் எத்தனை திறந்த வாய்க்குள் போகிறது (மூன்றுக்குக் குறைந்தால் தெரிவிக்க), ஆடும் பல், கட்டுப்பல், கழுத்து பின்னால் சாய்கிறதா, முன்பு மயக்கம் கொடுத்தபோது சுவாசக் குழாய் போடச் சிரமப்பட்டார்களா. இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடவே கூடாது. வாயைத் திறந்தால் தொண்டை எவ்வளவு தெரிகிறது என்று சொல்லும் மல்லம்பட்டி வகுப்பை டாக்டரே நிரப்பட்டும்.