போட்ட பணத்துக்கு ஏற்ற லாபம்: வாய்ப்பேச்சு செல்லுமா?

கேள்வி: நானும் நண்பரும் தொழில் தொடங்கினோம். நான் 6 லட்சம், அவர் 3 லட்சம். போட்ட பணத்துக்கு ஏற்ப லாபம் என்று வாயால் பேசிக்கொண்டோம், எழுதவில்லை. முதல் வருஷம் அப்படியே பிரித்தோம். இரண்டாம் வருஷம் எட்டு மாதம் முடிந்த பிறகு அவருடைய மைத்துனர் 3 லட்சம் போட்டுச் சேர்ந்தார். இப்போது லாபம் 2,40,000. மூன்று பேருக்கும் சமம்தான் சட்டம் என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932-இன் 13ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபமும் நஷ்டமும் சமம் என்றுதான் சொல்கிறது. யார் எவ்வளவு போட்டார் என்று அது பார்ப்பதில்லை.

ஆனால் ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. நடந்துகொண்ட முறையிலிருந்தும் அதை ஊகிக்கலாம் என்கிறது 11ஆம் பிரிவு. முதல் வருஷம் 2:1 என்று பிரித்தீர்கள் அல்லவா, உங்கள் பலம் அதுதான். அந்தப் பணம் இருவர் வங்கிக் கணக்குக்கும் போன பதிவையும், வருஷக் கணக்கையும் இன்றே எடுத்து வையுங்கள். மைத்துனர் முதல் வருஷம் இல்லை. அதனால் அவரும் இதே பேச்சை ஏற்றுத்தான் சேர்ந்தார் என்பதைத் தனியாகக் காட்ட வேண்டும். சேரும்போது அனுப்பிய குறுஞ்செய்தி ஏதாவது இருக்கிறதா, தேடுங்கள்.

சரி, விகிதம் எப்படிப் போடுவது? இன்று இருக்கும் முதலை மட்டும் பார்த்தால் 6:3:3, உங்களுக்கு 1,20,000. ஆனால் மைத்துனரின் பணம் நான்கு மாதம்தான் தொழிலில் இருந்தது. பணத்தை மாதத்தால் பெருக்கினால் உங்களுக்கு 72, நண்பருக்கு 36, அவருக்கு 12, மொத்தம் 120. அப்போது உங்கள் பங்கு 1,44,000, நண்பருக்கு 72,000, மைத்துனருக்கு 24,000. சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 80,000தான். மாதக் கணக்குதான் நியாயம் என்பது என் கருத்து. ஆனால் சட்டம் தானாக அதைத் தராது, நீங்கள் மூவரும் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். நஷ்டம் வந்தாலும் பெரும்பாலும் இதே விகிதம்தான் உங்கள் மேல் விழும் என்பதையும் மறக்காதீர்கள்.

கோபத்தில் உடனே வழக்குப் போட்டுவிடாதீர்கள். நிறுவனம் பதிவாகாமல் இருந்தால், தொழில் நடக்கும்போது பங்கு கேட்டு மற்றவர்கள் மேல் வழக்குப் போட 69ஆம் பிரிவு தடை. நிறுவனத்தைக் கலைக்கவும், கலைத்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்கவும், அதன் சொத்தை மீட்கவும் மட்டும் வழி உண்டு. அதற்கு முன் உட்கார்ந்து பேசி ஒரு பத்திரம் எழுதி, நிறுவனத்தையும் பதிவு செய்யுங்கள். பத்திரத்தில் இப்படி ஒரு வரி இருக்கட்டும்: “லாப நஷ்டம், ஒவ்வொருவரும் போட்ட முதலையும் அது அந்த நிதியாண்டில் தொழிலில் இருந்த மாதங்களையும் பெருக்கி வரும் விகிதப்படி.” இடையில் யாராவது முதலைத் திரும்ப எடுத்தால், எடுத்த தேதியிலிருந்து அந்தத் தொகை கணக்கில் சேராது என்றும் கூடவே எழுதிவிடுங்கள்.