சிங்கப்பூர் வெள்ளி வருடா வருடம் ஏறியே தீருமா?

"ஐயா, வணக்கம். ரெங்கம் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். மகன் சிங்கப்பூரில் வேலை. சிங்கப்பூர் வெள்ளியை அந்த அரசாங்கமே ஒரு கோட்டுக்குள் வைத்து வருடா வருடம் ஏற்றுகிறது, அதனால் நஷ்டமே வராது என்று ஓர் ஏஜெண்ட் சொல்கிறார். இபிஎஃப் பணத்திலிருந்து 30,000 ரிங்கிட் எடுத்துக் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா? நம் ரிங்கிட்டையும் பழையபடி ஓர் அமெரிக்க டாலருக்கு 3.80 என்று கட்டி வைத்தால்தான் என்ன?"

கொடுக்காதீர்கள் அண்ணே. அந்த ஏஜெண்ட் முழுப்பொய் சொல்லவில்லை, அதனால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது. முழுப்பொய்யாக இருந்தால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

சிங்கப்பூர் 1981 முதல் தன் வெள்ளியை ஒரு பட்டைக்குள் வைத்துத்தான் நடத்துகிறது. பட்டை என்றால் மேலே ஒரு வரம்பு, கீழே ஒரு வரம்பு, நடுவில் ஒரு மையக்கோடு. அந்த மையக்கோடு ஒரே இடத்தில் நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், பெரும்பாலும் மேல்நோக்கி. வெள்ளியின் மதிப்பு இந்த இரண்டு வரம்புக்கும் இடையில் சந்தை இழுத்த இழுப்புக்கு ஆடிக்கொள்ளலாம். கீழ் வரம்பை நெருங்கினால் அவர்களுடைய நாணய வாரியம் கையிருப்பு டாலரை விற்றுத் தன் வெள்ளியை வாங்கும், மேல் வரம்பை நெருங்கினால் தன் வெள்ளியை விற்று டாலரை வாங்கும். இவ்வளவுதான் அடிப்படை.

இப்போது ஏஜெண்ட் விழுங்கிவிட்ட விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பட்டை ரிங்கிட்டுக்கு எதிராகப் போட்டது இல்லை. சிங்கப்பூர் வியாபாரம் செய்யும் பல நாடுகளின் நாணயங்களை ஒரு கூடையாகச் சேர்த்து, அந்தக் கூடைக்கு எதிராகப் போட்டது. ரிங்கிட் அந்தக் கூடையில் ஒரு பங்கு, அவ்வளவுதான். எந்த நாணயத்துக்கு எத்தனை பங்கு, பட்டை எவ்வளவு அகலம் என்று அவர்கள் வெளியே சொல்வதில்லை. வெளியில் இருப்பவர்கள் எல்லாரும் கணித்துத்தான் பேசுகிறார்கள். ஆனால் தோட்டத்து டவுனில் காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது!

"ஆண்டுதோறும் ஏறும்" என்பதும் சட்டம் இல்லை. 2020 மார்ச்சில் கோவிட் அடித்தபோது மையக்கோட்டின் ஏற்றத்தைப் பூஜ்யமாக்கி நிறுத்தி வைத்தார்கள், 2021 அக்டோபரில்தான் மறுபடி ஏறவிட்டார்கள். 2025 ஜனவரியிலும் ஏப்ரலிலும் ஏற்றத்தின் வேகத்தைக் குறைத்தார்கள்.

உங்கள் தொகையை வைத்தே ஒரு கணக்குப் பார்ப்போம். 2024 பிப்ரவரியில் ரிங்கிட் மிகவும் இறங்கி, ஒரு சிங்கப்பூர் வெள்ளி ஏறக்குறைய 3.55 ரிங்கிட் வரை போனது. அப்போது ஊரெல்லாம் இதே பேச்சுதான், இன்னும் ஏறும், நாலு ரிங்கிட் ஆகும் என்று. அன்று 30,000 ரிங்கிட் கொடுத்திருந்தால் சுமார் 8,450 சிங்கப்பூர் வெள்ளி கிடைத்திருக்கும். அதே செப்டம்பர் கடைசியில் விலை 3.22 பக்கம் வந்துவிட்டது. திருப்பி மாற்றினால் ஏறக்குறைய 27,200. ஏழெட்டு மாதத்தில் 2,800 ரிங்கிட் போச்சு, அதுவும் மணி சேஞ்சர் கடையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இருக்கும் இடைவெளியைச் சேர்க்காமலே. கவனியுங்கள், அந்த வருடம் முழுவதும் சிங்கப்பூர் தன் பட்டையில் கையே வைக்கவில்லை. மையக்கோடு சொன்னபடி மெதுவாக ஏறிக்கொண்டுதான் இருந்தது. அசைந்தது ரிங்கிட். அதே வருடத்துக்கு இபிஎஃப் சாதாரணக் கணக்குக்கு 6.3 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது, உங்கள் 30,000-க்கு 1,890 ரிங்கிட். பணத்தை வெளியே எடுத்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. 3.80-இல் கட்டி வைத்தால் என்ன என்று நம் ஆட்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள். 1998 செப்டம்பர் 2-இல் கட்டினோம், 2005 ஜூலை 21 வரை அப்படியே இருந்தது, அந்தக் காலம் நிம்மதியாக இருந்ததாக ஒரு ஞாபகம் எல்லாருக்கும். கூடவே என்னென்ன வந்தது என்பது மறந்துவிட்டது. வெளிநாட்டில் இருந்த ரிங்கிட்டை எல்லாம் ஒரு மாதத்துக்குள் உள்ளே கொண்டுவரச் சொன்னார்கள், வெளிநாட்டு முதலீட்டாளர் பணத்தை ஒரு வருடத்துக்கு வெளியே எடுக்கக்கூடாது என்று அறிவித்தார்கள், 500, 1,000 ரிங்கிட் நோட்டுகள் 1999 ஜூலையிலிருந்து செல்லாமல் போயின. கதவை அடைத்துவிட்டுத்தான் விலையைக் கட்ட முடிந்தது.

கதவு திறந்திருக்கும்போது இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்தே போதும். ஒரு டாலருக்குச் சுமார் 25 பாட் என்று வருடக்கணக்கில் அசையாமல் வைத்திருந்தார்கள். 1997-இல் அது தாங்காது என்ற சந்தேகம் வந்ததும், பாட்டைக் கடன் வாங்கி விற்று டாலர் வாங்கினவனுடைய நிலையைப் பாருங்கள். விலை நின்றுவிட்டால் அவனுக்குக் கொஞ்சம் வட்டி நஷ்டம், அவ்வளவுதான். விலை உடைந்தால் ஒரே நாளில் கொள்ளை லாபம். இப்படி ஒரு பக்கம் மட்டுமே லாபம் தெரியும் பந்தயத்தில் யார்தான் பணம் கட்டமாட்டார்கள்? மத்திய வங்கி கையிருப்பைக் கரைத்துக் கரைத்துக் கடைசியில் ஜூலை 2-ஆம் தேதி கைவிட்டது. அடுத்த ஜனவரிக்குள் டாலர் 50 பாட்டைத் தாண்டியது.

நகரும் பட்டை இந்தப் பந்தயத்தைத்தான் கெடுக்கிறது. எப்படி என்பதை எண்ணில் காட்டுகிறேன். இது என் எடுத்துக்காட்டு, சிங்கப்பூருடைய உண்மையான எண் இல்லை. மையக்கோடு 100 என்று வையுங்கள், மேலே கீழே இரண்டிரண்டு விட்டால் பட்டை 98-லிருந்து 102 வரை. இன்று சந்தை விலை 101. அரசாங்கம் மையக்கோட்டை ஒன்று தூக்கி 101 ஆக்குகிறது, புதுப் பட்டை 99-லிருந்து 103 வரை. நேற்றைய விலையான 101 பழைய பட்டைக்குள்ளும் இருந்தது, புதுப் பட்டைக்குள்ளும் இருக்கிறது. ஆகவே விலை இன்று குதிக்க வேண்டிய கட்டாயமே இல்லை. முன்கூட்டியே துப்புக் கிடைத்தவனுக்குக்கூட உறுதியான லாபம் கிடையாது, ஏனென்றால் மையம் மேலே போன அதே நாளில் விலை 100-க்கு இறங்கவும் இடம் இருக்கிறது. வருடத்துக்கு ஒன்றரை விழுக்காடு நகர்த்தினால் மாதத்துக்கு அது எட்டில் ஒரு பங்கு விழுக்காடுதான், யாரும் மூட்டை கட்டிக்கொண்டு ஓடும் அளவு இல்லை. நகர்த்தும் படி பட்டையின் அகலத்தைவிடச் சின்னதாக இருக்கும்வரை இந்தக் கணக்கு வேலை செய்யும். இறுக்கமான பிணைப்பில் அகலமே இல்லை, அதனால் மாற்றும்போதெல்லாம் குதித்துத்தான் ஆக வேண்டும். அதைத் தள்ளிப்போடத் தள்ளிப்போடக் குதிப்பு பெரிதாகும்.

இதனால் பட்டை போட்டால் எதுவும் உடையாது என்று நினைக்க வேண்டாம். இந்தோனேசியாவும் ரூப்பியாவை வருடா வருடம் மெதுவாக இறங்கவிட்டு, பட்டையும் வைத்திருந்தது. 1997 ஜூலை 11-இல் பட்டையை 8-லிருந்து 12 விழுக்காடாக அகலப்படுத்தினார்கள், ஆகஸ்ட் 14-இல் பட்டையையே தூக்கிவிட்டார்கள். விலை ஒரே வரம்பில் போய் ஒட்டிக்கொண்டு, கையிருப்பும் மாதாமாதம் கரைந்தால் அது உடையப்போகிறது என்று அர்த்தம். சிங்கப்பூரிடம் கையிருப்பு ஏராளம், வரவு செலவிலும் உபரி, அதனால் அங்கே ஓடுகிறது. நாம் அதையே காப்பியடித்தால் ஓடுமா என்றால் ரிங்கிட்டின் நிலைமை வேறு, எண்ணெய் விலையும் அமெரிக்க வட்டியும் நம்மை வேறு மாதிரி ஆட்டும். அதற்குள் இப்போது போகவில்லை.

இன்னொரு ஓட்டையும் ஏஜெண்டின் கதையில் இருக்கிறது. ஒரு நாணயம் மெதுவாக ஏறும் என்று எல்லாருக்கும் தெரிந்தால், அந்த நாணயத்தில் வட்டி குறைவாகவே கிடைக்கும். ஏறும் லாபத்தை வட்டியில் கழித்துக்கொள்வார்கள். தெரிந்த ஏற்றம் இலவசமாக யாருக்கும் வருவதில்லை, அவர் வீட்டு மாமனுக்கும் வராது.

ஒரே ஒரு நிலைமையில் சிங்கப்பூர் வெள்ளியை வைத்திருக்கலாம் என்பேன், அதை விரிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுபடி எழுதிக் கேட்பீர்கள். மகனுக்கு அங்கேயே வெள்ளியில் செலவு இருந்தால், அறை வாடகை, சாப்பாடு, பேரப்பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் என்று இருந்தால், அந்தச் செலவு அளவுக்கு வெள்ளியை அங்கேயே அவன் வங்கிக் கணக்கில் விட்டுவைக்கட்டும். ஆறு மாதச் செலவு என்றால் ஆறு மாதத்துக்கு. அந்த வெள்ளி ஏறினாலும் இறங்கினாலும் வெள்ளியில்தானே செலவாகப் போகிறது, அதனால் அங்கே சூதாட்டம் இல்லை. மீதியை வீட்டுக்கு அனுப்புவதையும் மாதாமாதம் ஒரே தேதியில் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல விலை வரட்டும் என்று மூன்று மாதம் சேர்த்து வைத்து அனுப்புவதில் பெரும்பாலும் ஏமாந்துதான் போகிறார்கள். ஆனால் உங்கள் இபிஎஃப் பணம் இந்தக் கணக்கில் சேராது. உங்கள் செலவெல்லாம் ரெங்கத்தில், ரிங்கிட்டில்.

கடைசியாக அந்த ஏஜெண்ட். "விலையை லாக் செய்து வைக்கிறேன்" என்று சொல்லியிருப்பாரே? விலையை முன்கூட்டியே உறுதி செய்வது வங்கி எழுத்தில் ஒப்பந்தம் போட்டுச் செய்யும் வேலை. நாணயம் மாற்றவும் பணம் அனுப்பவும் பேங்க் நெகாரா உரிமம் வேண்டும், 2011-ஆம் ஆண்டுப் பணச் சேவைத் தொழில் சட்டத்தின்படி. உரிமம் பெற்ற கடைகளின் பட்டியல் பேங்க் நெகாரா இணையத்தளத்தில் இருக்கிறது. எச்சரிக்கைப் பட்டியல் ஒன்றும் போட்டிருக்கிறார்கள். அதில் பெயர் ஏறுவதற்குள் ஆள் கம்பி நீட்டிவிடுவான், ஏறினாலும் நம் தோட்டத்துப் பெரியவர்கள் எத்தனை பேர் அதைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்? ஊர் மார்க்கெட்டில், கோயில் வாசலில் தமிழில் ஒரு தாள் ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று நானும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

மகனை விட்டு அந்தப் பட்டியலில் ஏஜெண்டின் கடைப் பெயரைத் தேடச் சொல்லுங்கள். கடையே இல்லை, கைப்பேசி எண்தான் இருக்கிறது என்றால் தேடவும் வேண்டாம். முன்பணமாக ஏதாவது கொடுத்திருந்தால், ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போலீஸ் புகார் கொடுங்கள்.