ஆய்வின் தரத்தைப் பேசும்போது துல்லியம், நுட்பம், நம்பகத்தன்மை, ஏற்புடைமை

கேள்வி: ஆய்வறிக்கையில் அக்யூரசி, பிரிசிஷன், ரிலையபிலிட்டி, வேலிடிட்டி ஆகிய நான்கையும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக எழுதிவிடுகிறேன். எதை எங்கே எழுத வேண்டும்?

பதில்: ஒவ்வொரு சொல்லும் எதைப் பற்றிப் பேசுகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். துல்லியம் (அக்யூரசி) என்பது கிடைத்த மதிப்பு உண்மை மதிப்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. நுட்பம் (பிரிசிஷன்) என்பது திரும்பத் திரும்ப எடுத்த அளவீடுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதைச் சொல்கிறது. நம்பகத்தன்மை என்பது ஆய்வு முழுவதையும் மீண்டும் தொடக்கத்திலிருந்து, வேறொரு நாளிலோ வேறொருவர் கையாலோ செய்தாலும் அதே முடிவு வருமா என்பதைப் பற்றியது. ஏற்புடைமையோ, நீங்கள் கேட்ட கேள்விக்குத்தான் இந்த ஆய்வு விடை தருகிறதா என்பதைப் பற்றியது. தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் ஆய்வை எடுத்துக்கொண்டால் நான்கும் பிரிந்து நிற்பதைக் காணலாம்.

ஊசலின் அலைவு நேரத்துக்கான சமன்பாடு T = 2π√(L/g). இதில் L என்பது நூலைக் கட்டிய புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை உள்ள நீளம். ஒரு மாணவர் 2.5 செ.மீ விட்டமுள்ள குண்டைத் தொங்கவிட்டு, குண்டின் மேல்விளிம்பு வரை மட்டுமே அளந்து, நீளம் 80.0 செ.மீ என்று குறித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருபது அலைவுகளுக்கு அவருக்குக் கிடைக்கும் நேரங்கள் 36.15, 36.22, 36.18, 36.20, 36.16 வினாடிகள். இவற்றைச் சமன்பாட்டில் இட்டால் g-யின் மதிப்புகள் 9.63-க்கும் 9.67-க்கும் இடையே அடங்கிவிடுகின்றன, சராசரி 9.65 மீ/வி². அந்த இடத்தின் உண்மை மதிப்பு 9.80 என்றால், இந்த ஆய்வின் நுட்பம் மிக நன்று, துல்லியம் குறைவு. அவருடைய தோழி மறுநாள் அதே செய்முறையை, அதே நீள அளவோடு பின்பற்றினால் அவருக்கும் ஏறத்தாழ 9.65 தான் வரும். எனவே நம்பகத்தன்மையும் இருக்கிறது. ஆனால் இருவருமே ஒரே திசையில் ஒன்றரை விழுக்காடு விலகியிருக்கிறார்கள்.

அறிக்கைகளைத் திருத்தும்போது நான் மிகுதியாகக் காணும் தவறான வாக்கியம் இதுதான்: “ஐந்து முறை அளந்து சராசரி எடுத்ததால் முடிவு துல்லியமானது.” பல முறை அளந்து சராசரி எடுப்பது, ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவதில் ஏற்படும் முன்பின் தாமதம் போன்ற ஒழுங்கற்ற பிழைகளின் பாதிப்பைக் குறைக்கும். விடுபட்ட 1.25 செ.மீ ஆரமோ ஒவ்வொரு முறையும் அதே அளவில் விடுபடுகிறது. இத்தகைய முறையான பிழையை நூறு அளவீடுகளின் சராசரியாலும் அகற்ற முடியாது. கருவியின் மீச்சிற்றளவையும் நுட்பத்தோடு குழப்பிவிடக் கூடாது. ஸ்டாப்வாட்ச் 0.01 வினாடி வரை காட்டுகிறது என்பதால் அளவீடுகளின் நுட்பமும் 0.01 வினாடி ஆகிவிடாது. அதை அழுத்துவது மனித விரல், நுட்பத்தை அளவீடுகளின் சிதறலில்தான் பார்க்க வேண்டும்.

உண்மை மதிப்பைப் பார்க்காமலேயே இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதே குண்டோடு, அதே தவறான அளவு முறையில் 40.0 செ.மீ நூலை எடுத்துக்கொண்டால் g 9.50 என்று வரும், 80.0 செ.மீ-க்கு 9.65, 100.0 செ.மீ-க்கு 9.68. புவியீர்ப்பு முடுக்கம் நூலின் நீளத்தைப் பொறுத்து மாறுவதற்குக் காரணமே இல்லை. ஆகவே, நீளம் கூடக் கூட மதிப்பு உயர்ந்துகொண்டே போவது நீளத்தில் ஒரு நிலையான தொகை விடுபட்டிருப்பதன் அடையாளம். அலைவு நேரத்தின் இருமடியை நூலின் நீளத்துக்கு எதிராக வரைபடமாக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும்; ஆனால் அது ஆதிப்புள்ளி வழியே செல்லாது, நீள அச்சை −1.25 செ.மீ-இல் வெட்டும். குண்டின் ஆரம் அங்கே தானாக வெளிப்பட்டு நிற்கிறது. கோட்டின் சாய்வு 4π²/g என்பதால் அதை விடுபட்ட ஆரம் பாதிப்பதில்லை: 40 செ.மீ-க்கு T² 1.662, 80 செ.மீ-க்கு 3.273, இவற்றிலிருந்து சாய்வு 4.03, g 9.80. இவ்வாறு செய்தவர் “வரைபடத்தின் சாய்வைப் பயன்படுத்தியதால் முடிவின் துல்லியம் உயர்ந்தது” என்று தயங்காமல் எழுதலாம்.

ஏற்புடைமைக்கு வேறொரு கேள்வி வேண்டும், ஏனெனில் அங்கேதான் மற்ற மூன்றும் நன்றாக இருந்தும் ஆய்வு வீணாகப் போகும். கேள்வி இது: குண்டின் நிறை அலைவு நேரத்தை மாற்றுகிறதா? ஒருவர் 40.0 செ.மீ நூலில் 2.5 செ.மீ விட்டமுள்ள எஃகுக் குண்டையும், பிறகு அதே நூலில் 5.0 செ.மீ விட்டமுள்ள எஃகுக் குண்டையும் கட்டுகிறார். இரண்டாவது எட்டு மடங்கு கனமானது. இருபது அலைவுகளுக்கு முதலாவது சுமார் 25.8 வினாடியும் இரண்டாவது சுமார் 26.2 வினாடியும் எடுத்துக்கொள்கின்றன. நேர அளவீடுகள் ஒவ்வொன்றும் துல்லியமானவை, சிதறலும் மிகச் சிறியது, யார் செய்தாலும் அதே வேறுபாடு வரும். “நிறை கூடினால் அலைவு நேரம் கூடும்” என்ற முடிவு மட்டும் தவறு. பெரிய குண்டின் மையம் 1.25 செ.மீ கீழே இறங்கிவிட்டதால் ஊசலின் நீளமும் மாறியிருக்கிறது. வேறுபாடு முழுவதும் அதிலிருந்தே வருகிறது. இங்கே “அளவீடுகள் துல்லியமற்றவை” என்று எழுதுவது பிழை. நிறையோடு நீளமும் சேர்ந்து மாறிவிட்டது, ஆகவே ஆய்வுக்கு ஏற்புடைமை இல்லை என்பதுதான் சரியான குறை. ஒரே அளவுள்ள மரக் குண்டையும் எஃகுக் குண்டையும் பயன்படுத்தினால் இது தீரும்.

சமன்பாடு பொருந்தும் எல்லையை மீறுவதும் ஏற்புடைமைக் குறைதான். மேற்கண்ட சமன்பாடு சிறிய வீச்சுக்கு மட்டுமே பொருந்தும். பத்து பாகையில் விட்டால் அலைவு நேரம் 0.2 விழுக்காடு மட்டுமே கூடும். நாற்பது பாகையில் விட்டால் 3 விழுக்காடு கூடி, g சுமார் 6 விழுக்காடு குறைவாக வரும். விளைவு துல்லியக் குறைவாகத் தென்பட்டாலும் காரணம் செய்முறையில் இருக்கிறது, அறிக்கையில் காரணத்தையும் எழுத வேண்டும்.

இந்தச் சொற்களின் எல்லை எல்லாத் துறைகளிலும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐஎஸ்ஓ 5725 தரநிலையில் துல்லியம் என்பது சராசரி உண்மை மதிப்புக்கு அருகில் இருப்பதையும் நுட்பத்தையும் சேர்த்தே குறிக்கிறது. அந்த வழக்கில் பெரிதும் சிதறிய அளவீடுகளின் சராசரி தற்செயலாகச் சரியாக அமைந்தாலும் அளவீட்டைத் துல்லியமானது என்று சொல்ல மாட்டார்கள். பள்ளி, கல்லூரி அறிக்கைகளில் நான் மேலே சொன்ன பிரிவே போதுமானது. உண்மை மதிப்பு என்று ஒப்பிட எதுவும் இல்லாத ஆய்வில் துல்லியம் என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு, அளவீட்டின் ஐயப்பாட்டைக் குறிப்பிட்டு, வேறொரு முறையில் கண்ட மதிப்போடு அது அந்த ஐயப்பாட்டுக்குள் ஒத்துப்போகிறதா என்று எழுதுங்கள். ஊசல் ஆய்வில்கூட ஒப்பிடும் மதிப்பைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்: கடல்மட்டத்தில் நிலநடுக்கோட்டில் g 9.78, துருவங்களில் 9.83 என்பதால், உங்கள் முடிவின் ஐயப்பாடு 0.02 அளவுக்குக் குறைந்துவிட்டால் பாடநூலின் 9.8 போதாது, அந்த இடத்துக்குரிய மதிப்பு வேண்டும்.