பாலிசி உங்களுடையது, போன் நம்பர் மட்டும் மூத்தவருடையதா?

கேள்வி: 2008-ல் 3 லட்ச ரூபாய்க்கு 25 வருட எண்டோமென்ட் பாலிசி எடுத்தேன். ஏஜென்ட் என் கணவரின் அண்ணன்தான். என்னிடம் அப்போது போன் இல்லாததால் அவர் நம்பரையே கொடுத்தோம். 2018-ல் அவருக்குப் பணமுடை என்று கேட்டதால் பாலிசியின் பேரில் 60,000 கடன் எடுத்துக் கொடுத்தேன். வட்டியை அவரே கட்டிக்கொள்வதாகச் சொன்னார். 2019-க்குப் பிறகு என்னால் பிரீமியம் கட்ட முடியவில்லை. போன வாரம் அவர் போனில் ஒரு எஸ்எம்எஸ் காட்டினார். கடன் பாக்கி 1,19,000, பாலிசியை இப்போதே முடித்தால் கிடைக்கும் சரண்டர் மதிப்பு 1,22,000 என்று இருந்தது. "இதை முடித்துவிட்டு உத்தரவாத வருமானத் திட்டம் ஒன்றில் சேர்ந்துவிடு" என்கிறார். என் அம்மாவின் பி.எஃப். பென்ஷனிலும் அவர் நம்பர்தான். நம்பரை மாற்றினால் வருத்தப்படுவாரோ என்று தயக்கமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அவர் வருத்தப்படுவது இருக்கட்டும். நம்பரை மாற்ற இந்த வாரமே கிளை அலுவலகத்துக்குப் போங்கள். கடன் கொடுத்ததைப் பற்றி நான் பெரிதாகக் குறை சொல்லப் போவதில்லை, குடும்பத்தில் அது நடப்பதுதான். கடன் வாங்கியவரிடமே அந்தக் கடனைப் பற்றிய அறிவிப்புகளும் போய்ச் சேர்ந்ததுதான் கோளாறு. பிரீமியம் நின்ற தகவல், புதுப்பிக்கக் கடைசி நாள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி கட்டச் சொல்லும் நினைவூட்டல் எல்லாம் அவர் போனுக்குத்தான் போயிருக்கும். அவர் வேண்டுமென்று மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். நூறு வாடிக்கையாளர்களின் எஸ்எம்எஸ் வரும் போனில் உங்களுடையதை யார் தேடிப் படிப்பார்கள்?

கணக்கைத் தோராயமாகப் பார்க்கலாம். பாலிசிக் கடனுக்கு வட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிட்டு, கட்டாவிட்டால் அசலோடு சேர்த்துவிடுவார்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால் ஏறக்குறைய 7 வருடத்தில் கடன் இரட்டிப்பாகும். உங்கள் 60,000 இன்று 1,19,000 ஆகி நிற்பதைப் பார்த்தால், இதுவரை ஒரு வட்டித் தவணைகூடக் கட்டியதாகத் தெரியவில்லை.

அடுத்த ஆறு மாத வட்டி சுமார் 6,000. அதுவும் சேர்ந்தால் கடன் 1,25,000 ஆகிவிடும். சரண்டர் மதிப்பும் கொஞ்சம் ஏறும்தான், ஆனால் இந்த வேகத்தில் ஏறாது. பிரீமியம் ஒழுங்காகக் கட்டிவரும் பாலிசி என்றால் கடன் கூடிவிட்டது என்பதற்காக மூட மாட்டார்கள். உங்களுடையதைப் போல பாதியில் பிரீமியம் நின்ற பாலிசியில், கடனும் வட்டியும் சரண்டர் மதிப்பைத் தாண்டினால், அறிவிப்பு கொடுத்து, கட்ட அவகாசமும் கொடுத்து, அதற்கும் பதில் இல்லையென்றால் பாலிசியைக் கடனுக்கு ஈடாகக் கழித்து நிறுவனமே முடித்துவிடலாம். அந்த அறிவிப்பு எந்த நம்பருக்குப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முடிந்துவிட்டால் எதை இழப்பீர்கள்? 25 வருடத்தில் 11 வருடம் கட்டியிருக்கிறீர்கள். 3 லட்சத்தில் அந்த விகிதம் 1,32,000. அதுவரை சேர்ந்த போனஸ் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன், சரியான தொகையைக் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆக, 2033-ல் சுமார் 2,80,000 வர வேண்டும். இப்போது சரண்டர் செய்தால் கையில் நிற்பது 3,000. கடனை அடைத்துவிட்டு 8 வருடம் காத்திருந்தால், இன்று விட்டுக்கொடுக்கும் 1,22,000-க்கு ஈடாக 2,80,000 வருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 11 சதவீதம். அவர் சொல்லும் உத்தரவாத வருமானத் திட்டங்களில் நான் கணக்குப் போட்டுப் பார்த்தவை 5, 6 சதவீதத்தைத் தாண்டவில்லை. முதல் வருட பிரீமியத்தில் ஏஜென்ட்டுக்கு நல்ல கமிஷன் உண்டு என்பதையும் மறக்காதீர்கள். பளபளப்பான கையேட்டைக் காட்டினால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கையெழுத்து மட்டும் போட வேண்டாம்.

சரி, நம்பரை மாற்றும் வேலைக்கு வருவோம். நிறுவனத்தின் இணையதளத்தில் செய்துகொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யலாம், ஆனால் பல இடங்களில் ஓடிபி பழைய நம்பருக்குத்தான் போகும். அதைக் கேட்டு மறுபடியும் அண்ணனிடமே போய் நிற்க வேண்டியிருக்கும். அதனால் நேரில் போவதே நல்லது. ஒரு வெள்ளைத் தாளில் பாலிசி எண், பழைய நம்பர், புது நம்பர், இப்போதைய முகவரி, மின்னஞ்சல் இருந்தால் அதையும் எழுதி, 2008-ல் விண்ணப்பத்தில் போட்ட அதே கையெழுத்தைப் போடுங்கள். அடையாள அட்டை நகலில் நீங்களே சான்றொப்பம் இட்டு இணையுங்கள். இன்னொரு பிரதி எடுத்துப்போய் அதில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாமல் திரும்பினால், மனு கொடுத்ததற்கு எந்தச் சாட்சியும் இல்லை.

அத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சில நாள் கழித்து மறுபடி போய் பாலிசி ஸ்டேட்டஸ் பிரின்ட் கேளுங்கள். கடன் பாக்கி எவ்வளவு, வட்டி எந்தத் தேதி வரை கணக்கிடப்பட்டிருக்கிறது, எந்த வங்கிக் கணக்கு பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். இப்போது பதிவில் எந்த நம்பர் இருக்கிறது என்று கவுன்டரில் வாய்விட்டுக் கேளுங்கள். ஓர் இலக்கம் மாறிப் பதிவானாலும் உங்களுக்கு எதுவும் வராது, வராத எஸ்எம்எஸ்ஸை எப்படிக் கவனிப்பீர்கள்? வீட்டில் கணவர் பேரிலோ பிள்ளைகள் பேரிலோ பாலிசி இருந்தால் ஒவ்வொன்றையும் தனியாகக் கேளுங்கள். வங்கியிலோ ஆதாரிலோ நம்பரை மாற்றினால் அது இங்கே தானாக வந்துவிடாது.

இடையில் யாராவது போன் செய்து "உங்கள் நம்பரை அப்டேட் செய்து தருகிறோம், போனஸ் தேங்கி நிற்கிறது" என்று சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து பேசினால் வைத்துவிடுங்கள்.

அம்மாவின் பென்ஷனில் இதே வழக்கம் வேறு விதமாகக் கடிக்கும். பி.எஃப். பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும். அது தாண்டினால் பென்ஷன் நிற்கும். சான்றிதழ் கொடுத்தபின் நிலுவை வந்துவிடும் என்றாலும், அதுவரை அம்மா கையைப் பிசைய வேண்டும். அந்தச் சான்றிதழை ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் முறையில் கொடுக்கும்போது கேட்கும் மொபைல் எண்ணில் அம்மாவுடையதையே கொடுங்கள். பிரமாண் ஐடி எஸ்எம்எஸ் அதற்குத்தான் வரும். அப்புறம், பென்ஷன் விழும் வங்கிக் கணக்கிலும் அதே நம்பர் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். அந்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் போட்டுவைக்காதீர்கள். நின்றுபோன நம்பர் சில மாதங்களில் வேறு யாருக்காவது போய்விடும்.

கடனைப் பொறுத்தவரை, 1,19,000-ஐ ஒரே மூச்சில் கட்ட முடியாவிட்டால் முதலில் வட்டி பாக்கி 59,000-ஐக் குறையுங்கள். அதுவும் முடியாது என்றால் ஆறு மாதத்துக்கு 6,000 கட்டினாலே கடன் இதற்கு மேல் ஏறாது. அண்ணன் பணம் தர முன்வந்தால் உங்கள் கையில் வாங்காதீர்கள். பாலிசி எண்ணைச் சொல்லி நேராகக் கடன் கணக்கிலேயே கட்டச் சொல்லுங்கள். கட்டிய தகவல் உங்கள் புது நம்பருக்கு வரும். வரவில்லை என்றால் அவர் கட்டவில்லை, அல்லது நம்பர் இன்னும் மாறவில்லை. இரண்டில் எது என்று கிளையில் கேட்டுவிடலாம்.